பர்மியத்தில் இரண்டு வினை சேர்ந்தால் ‘ம’ எங்கே?

கேள்வி: யாங்கோனில் மாமா கடையில் இருக்கிறேன். பர்மியம் ஓரளவு பேசுவேன். ‘வாங்கிச் சாப்பிட்டேன்’, ‘திறந்து கொடுங்க’ மாதிரி இரண்டு வினை வந்தால் நடுவில் ‘ப்யீ’ போட்டுவிடுகிறேன், சிலர் சிரிக்கிறார்கள். இதையே ‘இல்லை’ என்று சொல்ல ‘ம’ எங்கே வரும்?

பதில்: ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கினால்தான் ‘ப்யீ’. ‘வெ ப்யீ சா தே’ என்றால் வாங்கினேன், அப்புறம் சாப்பிட்டேன். ‘வெ சா தே’ என்றால் கடையில் வாங்கித்தான் சாப்பிட்டேன். அது ஒரே காரியம். தமிழில் ‘வாங்கி’ என்ற எச்சம் இரண்டுக்கும் போதும், அதனால்தான் கை தானாக ‘ப்யீ’க்குப் போகிறது. பர்மியத்தில் வினைகளை வெறுமனே அடுக்கிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு ‘தே’ (நடந்ததற்கும் நடப்பதற்கும்) அல்லது ‘மே’ (இனி நடக்கப்போவதற்கு) வைத்தால் முடிந்தது.

சிரிப்பு வருவது பெரும்பாலும் ‘பே’ (கொடு) வரும் இடத்தில்தான். ‘தங்கா ப்வின் பே பா’ என்றால் கதவைத் திறந்துவிடுங்கள். இங்கே ‘பே’ பொருளைக் கொடுப்பதல்ல, மற்றவருக்காகச் செய்வது. நடுவில் ‘ப்யீ’ நுழைந்தால் கதவைத் திறந்துவிட்டு எதையோ கையில் கொடுக்கச் சொன்னதாகிவிடும்.

இனி ‘ம’. முழுப்பொருள் தரும் இரண்டு வினை சேர்ந்தால் அது பெரும்பாலும் இரண்டாவதன் முன்னால் நிற்கும், ‘தே’யின் இடத்தில் ‘பூ’ வரும். ‘ப்யன் லா தே’ (திரும்பி வந்தார்) என்பது ‘ப்யன் ம லா பூ’ ஆகும். தேடியும் கிடைக்காததற்கு ‘ஷா ம த்வே பூ’. ‘ம’வை ‘ஷா’வுக்கு முன்னால் கொண்டுபோனால் கேட்பவர் தடுமாறுவார், தேடியது உண்மை, கிடைக்காததுதானே சேதி?

ஆனால் ‘ஜின்’ (விருப்பம்), ‘நைங்’ (முடிதல்) ஆகியவை துணைவினைகள். அவற்றின் முன் ‘ம’ ஒட்டாது, முழுவினைக்கு முன்னால் போய் நிற்கும்: ‘ம சா ஜின் பூ’, சாப்பிட விருப்பமில்லை. ‘ம துவா நைங் பூ’, போக முடியாது.

இரண்டு விதியும் ஒரே வாக்கியத்தில் மோதினால் என்ன ஆகும்? ‘அவருக்கு வாங்கித்தர எனக்கு இஷ்டமில்லை’ என்று சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கு ‘வெ பே ஜின்’. கடைசியில் இருக்கும் ‘ஜின்’னை ஒதுக்குங்கள், மிச்சம் ‘வெ பே’. இங்கே ‘பே’ நிஜமாகவே கொடுப்பதுதான், அதனால் முழுவினை. அதில் இரண்டாவது ‘பே’, அதன் முன் ‘ம’: ‘வெ ம பே ஜின் பூ’. ‘திரும்பி வர முடியாது’ என்பதும் இதே வழியில் ‘ப்யன் ம லா நைங் பூ’.

இன்னொன்று. ‘பூ’ வந்ததும் ‘தே’, ‘மே’ இரண்டும் மறைந்துவிடுவதால் ‘ப்யன் ம லா பூ’ என்பது ‘வரவில்லை’யாகவும் ‘வரமாட்டார்’ ஆகவும் இருக்கலாம். ‘நேற்று’, ‘நாளை’ என்று காலச்சொல்லைச் சேர்த்துவிடுங்கள். இனி வரவே மாட்டார் என்றால் ‘பூ’வுக்கு முன்னால் ‘தொ’ போட்டு, ‘ப்யன் ம லா தொ பூ’.