முன்னோட்டத்தில் வந்த 0.8-ஐ நம்பி ஆள் சேர்க்கலாமா?

"கைபேசி கண்ணெதிரே மேசையில் இருந்தால் சொற்களை நினைவில் வைக்கும் திறன் குறைகிறதா என்று சோதிக்கப் போகிறேன். 40 சொற்கள், இரண்டு தனித்தனிக் குழுக்கள். குழுவுக்கு 10 பேரை வைத்து முன்னோட்டம் செய்ததில் விளைவு அளவு 0.8 வந்தது. அதைப் போட்டால் குழுவுக்கு 26 பேர் போதும் என்கிறது G*Power. கைடு, 30 பேர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். பணம் கொடுத்தால் பவர் கணக்கைத் தானே போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். எதை நம்புவது?"

மூன்றையும் நம்பாதீர்கள். மென்பொருள் பொய் சொல்லவில்லை, குழுக்களுக்கு இடையே உண்மையில் 0.8 அளவு வித்தியாசம் இருந்தால் குழுவுக்கு 26 பேர் போதும்தான், ஆனால் அந்த 0.8 எங்கிருந்து வந்தது என்று அது உங்களிடம் கேட்கவில்லையே.

விளைவு அளவு என்று நாம் சொல்லும் d, இரண்டு குழுக்களின் சராசரி வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்து வருவது. உங்கள் சோதனையில் ஆளுக்கு ஆள் மதிப்பெண் சுமார் 5 சொற்கள் அளவுக்கு விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 0.8 என்றால் 4 சொற்கள் வித்தியாசம். இது குழுவுக்கு 10 பேரிடம் வந்த எண் என்பதால் இதன் 95 சதவீத நம்பக இடைவெளி ஏறக்குறைய −0.1-இலிருந்து 1.7 வரை போகும். கைபேசி எதையும் கெடுக்கவில்லை என்பதும் அதற்குள் இருக்கிறது, எட்டு சொற்களுக்கு மேல் மறக்கடிக்கிறது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. இப்படிப்பட்ட எண்ணை வைத்து ஒரு வருட வேலையைத் திட்டமிடுவது சூதாட்டம். போதாக்குறைக்கு, முன்னோட்டத்தில் எண் பெரிதாக வந்தவர்கள்தான் மேற்கொண்டு ஆய்வைத் தொடர்கிறார்கள், சிறிதாக வந்தவர்கள் தலைப்பையே மாற்றிவிடுகிறார்கள். அதனால் முன்னோட்டத்திலிருந்து எடுக்கும் விளைவு அளவு பெரும்பாலும் உண்மையைவிடப் பெரிதாகவே இருக்கும். அறிவுறுத்தல் புரிகிறதா, நேரம் போதுமா, எல்லோரும் 38, 39 என்று வாங்கி மதிப்பெண் உச்சியில் முட்டுகிறதா என்று பார்க்கத்தான் முன்னோட்டம்.

சரி, d-க்கு என்ன போடுவது? கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: எத்தனை சொற்கள் குறைந்தால் 'ஆமாம், இது கவனிக்க வேண்டிய விஷயம்' என்று நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்? அரைச் சொல் குறைந்தால் யாருக்கும் கவலையில்லை. 2 சொற்கள் குறைந்தால் பேசலாம் என்கிறீர்களா, அதைக் காரணத்தோடு எழுதிவையுங்கள். 2-ஐ 5-ஆல் வகுத்தால் 0.4. திட்ட விலக்கத்தையும் முடிந்தால் உங்கள் 20 பேரிடமிருந்து எடுக்காமல், இதே மாதிரிப் பணியைப் பெரிய எண்ணிக்கையில் செய்த ஆய்விலிருந்து எடுங்கள்.

பவர் என்பது, அந்த 2 சொல் வித்தியாசம் உண்மையிலேயே இருக்கும்போது உங்கள் சோதனை அதைப் பிடிக்கும் வாய்ப்பு. வழக்கமாக 80 சதவீதம் வைப்பார்கள். G*Power-இல் இரண்டு தனிக் குழுக்களுக்கான t-சோதனையைத் தேர்ந்து, 'A priori' வைத்து, d 0.4, ஆல்ஃபா 0.05, இருபக்கம், பவர் 0.80 என்று கொடுத்தால் குழுவுக்கு 100 பேர் என்று வரும். R வைத்திருந்தால் ஒரே வரி:

```
power.t.test(delta=2, sd=5, sig.level=0.05, power=0.80)
```

99.08 என்று காட்டும், மேல்நோக்கி 100 ஆக்கிக்கொள்ளுங்கள். பத்தில் ஒருவரின் தரவு வீணாகும் என்று நினைத்தால் குழுவுக்கு 112 பேரைச் சேர்க்க வேண்டும்.

இப்போது 26 பேருக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். உண்மை வித்தியாசம் 2 சொற்கள் என்றால், குழுவுக்கு 26 பேர் வைத்த சோதனை அதைப் பத்துக்கு மூன்று முறைகூடச் சரியாகப் பிடிக்காது. கைடு சொன்ன 30-க்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. குழுவுக்கு 26 பேர் இருக்கும்போது p 0.05-க்குக் கீழே போக வேண்டுமென்றால் குறைந்தது 2.8 சொற்கள் வித்தியாசம் தெரிந்தாக வேண்டும். உண்மை 2 சொற்கள்தான், ஆனால் 'வெற்றி' என்று வெளியே வருவது எல்லாமே 2.8-க்கு மேல். அதைப் படித்து அடுத்த மாணவர் அந்தப் பெரிய எண்ணைத் தன் கணக்கில் போடுவார், அவருக்கு இன்னும் குறைவான ஆட்கள் போதும் என்று வரும்.

உளவியலில் இது புதிதல்ல. 1962-லேயே ஜேக்கப் கோஹன், வெளியான ஆய்வுகளை எடுத்துக் கணக்கிட்டு, நடுத்தர விளைவைப் பிடிக்க அவற்றுக்கு இருந்த வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான் என்று காட்டினார். 2015-இல் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது விளைவுகள் சராசரியாகப் பாதியாகச் சுருங்கின. இவ்வளவுக்குப் பிறகும் 'குழுவுக்கு 30' என்று சொல்கிற கமிட்டிகளும், எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எண்ணுக்கான காரணத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். என்ன செய்ய.

அந்தப் பணம் கேட்கும் ஆள் விஷயத்துக்கு வருகிறேன். அவர் உங்களிடம் முதலில் என்ன கேட்டார்? 'எத்தனை பேர் கிடைப்பார்கள்' என்றுதான் கேட்டிருப்பார். நீங்கள் 60 என்றால், G*Power-ஐத் திறந்து d-ஐ மெல்ல மெல்ல ஏற்றி 0.74 வரும்போது நிறுத்துவார், அழகாகக் குழுவுக்கு 30 பேர் வரும். பிறகு 'முந்தைய ஆய்வுகளின் அடிப்படையில்' என்று ஒரு வரி. எந்த ஆய்வு, ஏன் 0.74, ஒன்றும் இருக்காது. தேவையான எண்ணிக்கையும் கையிலிருந்த எண்ணிக்கையும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலே சந்தேகப்படுங்கள். இன்னொரு சரக்கும் விற்பார்கள்: தரவு வந்த பிறகு, அதிலேயே வந்த d-ஐப் போட்டு 'எட்டிய பவர்' என்று ஓர் எண். சில ஆய்விதழ்களே அதைக் கேட்பதுதான் கொடுமை. அது p மதிப்பை வேறு சட்டை மாட்டிக் காட்டுவது, அவ்வளவுதான். p சரியாக 0.05 என்றால் அந்தப் பவர் சுமார் 50 சதவீதம் என்று வரும், எந்த ஆய்வானாலும்.

200 பேருக்கு எங்கே போவது என்றால், ஒரு வழி உண்டு. ஒரே ஆளை இரண்டு நிலையிலும் சோதியுங்கள்: ஒருமுறை கைபேசி மேசையில், ஒருமுறை அடுத்த அறையில். ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தின் பெரும்பகுதி கணக்கிலிருந்து கழன்றுவிடும். அவருடைய இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையே ஒட்டுறவு 0.5 இருந்தால், அதே 2 சொல்லைப் பிடிக்க மொத்தம் 52 பேர் போதும். ஆமாம், நீங்கள் முதலில் கணக்குப் போட்ட அதே 52, ஆனால் இப்போது காரணத்தோடு. ஒட்டுறவு 0.2-ஆக இறங்கினால் 80-க்கு மேல் போய்விடும், அதனால் 0.8, 0.9 என்று தாராளமாகப் போடாதீர்கள். சொற்பட்டியல் இரண்டு வேண்டும், சம அளவு கடினமாக. பாதிப் பேருக்குக் கைபேசி முதலில், மீதிப் பேருக்குப் பிறகு. பட்டியல்களையும் அதேபோல மாற்றிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பழக்கத்தில் கூடிய மதிப்பெண்ணைக் கைபேசியின் மேல் ஏற்றிவிடுவீர்கள். இரண்டாவது முறை வந்ததும் 'ஓ, கைபேசிதான் விஷயம்' என்று ஆள் ஊகித்துவிடுவாரா என்று முன்னோட்டத்திலேயே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் ஊகித்தால் இந்த வழி உங்களுக்கு ஆகாது, தனிக் குழுக்கள்தான். G*Power-இல் இதற்கு 'matched pairs' என்ற வேறு தேர்வு, அங்கே கேட்பது d அல்ல, dz, அதாவது ஒவ்வோர் ஆளின் இரண்டு மதிப்பெண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அவற்றின் சராசரியை அவற்றின் திட்ட விலக்கத்தால் வகுத்தது. ஒட்டுறவு சரியாக 0.5 இருந்தால் மட்டுமே இரண்டும் ஒன்று.

தனிக் குழுக்கள்தான், 60 பேருக்கு மேல் கிடைக்கவே மாட்டார்கள் என்றால், எண்ணை வளைக்காமல் அப்படியே எழுதுங்கள்: 'கிடைக்கக்கூடியவர்கள் 60 பேர், 80 சதவீதப் பவரோடு இந்த ஆய்வு பிடிக்கக்கூடிய மிகச் சிறிய வித்தியாசம் சுமார் 3.7 சொற்கள், அதைவிடச் சிறிய விளைவு இருக்கிறதா இல்லையா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.' கையெழுத்து வாங்கப் போகும்போது இந்த வரியை அடிக்கச் சொல்வார்கள். அடிக்காதீர்கள்.