மூன்று ஸ்டாப் லாஸுக்குப் பின் எழுதும் வாரக் குறிப்பு

"வேலைக்கு நடுவே வர்த்தகம் செய்கிறேன். 500 ரூபாய்ப் பங்கில் 200 வாங்கி, சில நாள் வைத்திருக்க நினைத்தேன். 6 ரூபாய் ஸ்டாப் லாஸ் மூன்று முறையும் அடித்துவிட்டது. வாரக் குறிப்பில் என்ன எழுதுவது?"

வணக்கம். இழப்பை ஒரே வரியில் குறித்துவிட்டு, ஸ்டாப் அடித்த பிறகு விலை எங்கே சென்றது என்பதை ஒவ்வொன்றுக்கும் தனியே எழுதுங்கள். தொடர்ந்து இறங்கியிருந்தால் நுழைவை ஆராய வேண்டும். தொட்டுவிட்டு இலக்கை நோக்கித் திரும்பியிருந்தால், ஸ்டாப் அன்றாட அசைவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அப்பங்கின் சராசரி நாள் வீச்சு, அதாவது ஏடிஆர், 14 ரூபாய் என்றால் 6 ரூபாய் இடைவெளி போதாது. அதை 20 ஆக்கி, பங்குகளை 60 ஆகக் குறைத்தால், மறுநாள் விலை ஸ்டாப்பைத் தாண்டிக் கீழே திறக்காத வரை, இழப்பு அதே 1,200 ரூபாய்தான். எண்ணிக்கையைக் குறைக்காமல் ஸ்டாப்பை மட்டும் நகர்த்திவிடாதீர்கள். நான் அஞ்சுவது அதைத்தான்.