நிரந்தர ஷிப்ட் கேட்பவர் எதை விட்டுத்தரலாம்?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். வாரம் ஒரு ஷிப்ட் மாறும். அப்பாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். கூட்டிப்போக நான் ஒருவன்தான். நிரந்தரமாக ஏ ஷிப்ட் கேட்டேன், மறுத்துவிட்டார்கள்.
- கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: உங்கள் செக்‌ஷனில் 9 பேர், ஷிப்டுக்கு 3 பேர் என்று வைத்துக்கொள்வோம். 24 வாரத்தில் ஒவ்வொருவருக்கும் 8 வாரம் ஏ ஷிப்ட் வரும். அதில் ஓர் இடத்தை நீங்கள் நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டால் மற்ற 8 பேருக்கு அது 6 வாரமாகக் குறையும், இரவு ஷிப்ட் 9 ஆகக் கூடும். எல்லோரும் விரும்பும் ஷிப்டைக் குறைத்து இரவைக் கூட்டினால் எந்த சூப்பர்வைசர் சம்மதிப்பார்?

பி ஷிப்ட் கேட்டுப் பாருங்கள். மதியம் 2 முதல் இரவு 10 வரை என்பதால் அதற்குப் போட்டி குறைவு. நீங்கள் அங்கே போனால் மற்றவர்களுக்கு ஏ ஷிப்டும் 9 வாரமாகக் கூடும். டயாலிசிஸ் ஒரு தடவைக்குச் சுமார் 4 மணி நேரம். காலை 7 மணிக்கு இடம் கிடைத்தால் 11 மணிக்கு முடிந்துவிடும். அதனால் முதலில் மருத்துவமனையில் நேரத்தைப் பேசி முடியுங்கள், அப்புறம் கம்பெனி.

கூடுகிற அந்த ஒரு வார இரவுக்குத்தான் நீங்கள் ஈடு தர வேண்டும். கடிதத்தில் இப்படி எழுதலாம்: “செவ்வாய், வியாழன் இரவுகளில் ஆள் குறைந்தால், முதல் நாளே சொன்னால், பி ஷிப்டுக்குப் பதிலாக சி ஷிப்டுக்கு வருகிறேன். நிரந்தர பி ஷிப்டில் நைட் அலவன்ஸ் குறையும் என்பதை அறிவேன். 6 மாதம் கழித்து இந்த ஏற்பாட்டைப் பரிசீலிக்கலாம்.” திங்கள், புதன், வெள்ளி இரவுகள் முடியாது என்பதையும் காரணத்தோடு எழுதிவிடுங்கள், மறுநாள் காலை டயாலிசிஸ் இருக்கிறதே. “எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்” என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டாவது வாரமே கூப்பிடுவார்கள்.

கேள்வி: அப்பாவின் ரிப்போர்ட் எல்லாவற்றையும் இணைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு காலம் சிகிச்சை என்று டாக்டர் எழுதித்தரும் ஒரு தாள் போதும்.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தைக்காக ஜெனரல் ஷிப்ட் கேட்டேன். சூப்பர்வைசர் “சரி, வாங்க” என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். போதுமா?
- பாலக்கோடு வாசகி

பதில்: போதாது. அவர் வேறு லைனுக்கு மாறினால் அந்தச் “சரி”யும் போய்விடும். நம் ஊர்ச் சட்டத்தில், குழந்தையைப் பார்த்துக்கொள்ள விரும்பிய ஷிப்டைக் கேட்டுவாங்கும் உரிமை என்று தனியாக இல்லை. அதனால் எழுத்துதான் பிடிமானம். ஹெச்.ஆருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

கையோடு பஸ்ஸையும் விசாரியுங்கள். ஜெனரல் ஷிப்ட் கம்பெனி பஸ் பாலக்கோடு வராவிட்டால், பக்கத்து நிறுத்தம் வரை நானே வந்துகொள்கிறேன் என்று எழுதலாம். அவர்களுக்குச் செலவில்லாத சலுகை அது. ஆனால் மழைக்காலத்திலும் உங்களால் முடியுமா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: நான் கான்ட்ராக்ட் தொழிலாளி. யாருக்கு எழுதுவது?

பதில்: கான்ட்ராக்டருக்கு. நகல் ஒன்றை செக்‌ஷன் பொறுப்பாளருக்கும் கொடுங்கள், ஷிப்ட் பட்டியல் போடுவது பெரும்பாலும் அவர்தான்.