சரக்கை நிறுத்த வேண்டும், உறவு நிற்க வேண்டும்

கேள்வி: காரிமங்கலம் பக்கம் மாட்டுத்தீவன மொத்த வியாபாரம் செய்கிறேன். பாலக்கோடு வழியில் ஒரு கடைக்காரர் ஒன்பது வருட வாடிக்கை. வாரம் 25 மூட்டை, மூட்டை 1,400 ரூபாய், 15 நாள் கடன் என்று பேச்சு. இப்போது பாக்கி 1,86,000 நிற்கிறது. கேட்டால் இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் என்று கைக்கு வந்ததைத் தருகிறார். என் மகள் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை நின்றவர். மகன் சரக்கை நிறுத்தச் சொல்கிறான். எனக்கு வாய் வரவில்லை. "கம்பெனியில் இருந்து சரக்கு வரவில்லை" என்று சொல்லிச் சமாளித்துவிடலாமா?

பதில்: சமாளிக்க வேண்டாம். உங்கள் வண்டி அவர் கடையைத் தாண்டித்தானே அடுத்த ஊருக்குப் போகும்? மூட்டை ஏற்றிய வண்டியை அவர் பார்த்த அன்றைக்கே பொய் உடைந்துவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. சரக்கு இல்லை என்று நம்பினால் அவர் வேறு மொத்தக்காரரிடம் ரொக்கம் கொடுத்து வாங்கத் தொடங்குவார். உங்களுக்கு வர வேண்டிய பணம் அங்கே போகும். பாக்கியால்தான் சரக்கு நின்றது என்பதே தெரியாதபோது அவர் ஏன் பாக்கியைக் கட்டப் போகிறார்?

பேசுவதற்கு முன் கணக்கைப் பிரியுங்கள். 1,86,000 முழுவதும் தவறிய பாக்கி இல்லை. 15 நாள் கடனில் வாரம் 35,000 ரூபாய்க்குச் சரக்கு போனால் கடைசி இரண்டு லோடு, அதாவது 70,000 ரூபாய், எப்போதும் வெளியில் நிற்கத்தான் செய்யும். நீங்களே கொடுத்த கடன் அது. தவணை தாண்டியது 1,16,000 மட்டும். பேச வேண்டியது இந்தத் தொகையைப் பற்றி. மொத்தத்தையும் கட்டினால்தான் சரக்கு என்று நின்றால், கொடுத்த தவணையை நீங்களே மறுப்பதாகிவிடும். நியாயம் அவர் பக்கம் போய்விடும்.

அடுத்து, பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய் அவருடைய நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடையில் ஆள் இல்லாத மதிய நேரமாகப் பார்த்துப் போங்கள். பால்காரர்கள் நிற்கும்போது பாக்கிப் பேச்சை எடுத்தால் அதை அவர் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். இப்படி இழுபடும் பாக்கிகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு சின்ன மனவருத்தம் ஒளிந்திருக்கும் என்பது என் அனுபவம். மழையில் நனைந்து வந்த ஆறு மூட்டையைத் திருப்பி அனுப்பியிருப்பார், உங்கள் ஓட்டுநர் இறக்கிப் போட்டிருப்பார், கணக்கில் யாரும் கழித்திருக்கமாட்டார்கள். (நனைந்த தீவனத்தில் பூஞ்சை பிடிக்கும், மாட்டுக்குப் போடக்கூடாது. திருப்பி அனுப்பியது சரிதான்.) இலவசம் என்று சொன்ன ஸ்கீம் மூட்டை நான்கு வராமல் இருக்கலாம். பேச்சிலேயே இது தெரியும். பணம் இல்லாதவர் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார். மனத்தாங்கல் உள்ளவர் "முதல்ல அந்த நனைஞ்ச மூட்டைக்கு ஒரு வழி சொல்லு" என்பார். இரண்டாவது ஆளிடம் சரக்கை நிறுத்தினால் சண்டைதான் மிஞ்சும்.

உங்கள் விஷயத்தில் அப்படிப் பத்து மூட்டைக்கு அவர் கணக்குச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 14,000 ரூபாய். ஸ்கீமும் நனைந்ததும் உண்மை என்றால் பேரம் பேசாமல் அங்கேயே கழித்து எழுதிக் கொடுங்கள். தவறிய பாக்கி 1,02,000 ஆகிறது. மொத்தம் 1,72,000. இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். "கணக்கு நேர் பண்ணிக்கிட்டோம்" என்று சொன்னால் யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போடக் காலக்கெடு மூன்று வருடம். கெடு முடிவதற்குள் எழுத்தில் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். இதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

இனி நிறுத்துவது. எதை நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம். அவர் பணம் பால்காரர்களிடமும், தக்காளி விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் விவசாயிகளிடமும் மாட்டியிருக்கிறது. அவர்கள் மறுபடி கடைக்கு வருவது தீவனத்துக்காக. கடையில் மூட்டை இல்லை என்றால் வேறு கடைக்குப் போவார்கள், பழைய கடனைக் கட்ட மட்டும் திரும்பி வரமாட்டார்கள். தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் மாட்டுக்கு வயிறு கெட்டுப் பால் குறையும். ஒரு வாரம், பத்து நாள் கலந்து கொடுத்துத்தான் பழைய தீவனத்திலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். அப்படிச் சிரமப்பட்டு மாறியவர் லேசில் பழையதற்கு வரமாட்டார். ஆகவே சரக்கை அடியோடு நிறுத்தினால் அவருடைய வசூல் சாகும், அதோடு உங்கள் பாக்கியும். கடனுக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள். ரொக்கத்துக்குக் கொஞ்சம் போகட்டும்.

எவ்வளவு? அவர் இப்போது வாரம் ஏறக்குறைய 24,000 புரட்டுகிறார். அதற்கு மேல் கேட்டால் வாயால் சரி என்பார், கையால் முடியாது. 25 மூட்டையைப் பத்து மூட்டையாகக் குறையுங்கள். 14,000 ரொக்கம், பழைய பாக்கியில் 10,000, ஆக 24,000. ஆரம்பத்தில் மட்டும் மொத்தமாக 52,000 வாங்கிவிடுங்கள். அது பால் பட்டுவாடாவுக்கு மறுநாளாக இருக்கட்டும். அன்றைக்குத்தான் அவர் கடைக்கும் பணம் வரும். மீதி 50,000 ஐந்து வாரத்தில் அடையும். அந்த 70,000 ரூபாயை இந்த ஐந்து வாரமும் நெருக்காதீர்கள். அந்த பில்களுக்கும் தவணை தாண்டும், தெரிந்தே விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று அவருக்கும் சொல்லிவிடுங்கள். ஆறாவது வாரத்திலிருந்து பழையபடி 25 மூட்டை, ஆனால் ஒரு மாற்றம்: மிகப் பழைய பில்லைக் கட்டினால்தான் புது லோடு இறங்கும்.

ரசீது எழுதும்போது எந்தப் பணம் எதற்கு என்று போடுங்கள். "14,000 இன்றைய பில்லுக்கு, 10,000 பழைய பாக்கியில்." வெறுமனே 24,000 வரவு என்று எழுதினால் மூன்றாவது வாரமே நீங்கள் ஒன்று சொல்வீர்கள், அவர் ஒன்று சொல்வார்.

சொல்லும் விதம் இப்படி இருக்கலாம். கணக்குப் பார்த்து முடித்த அதே இடத்தில், டீ குடித்துக்கொண்டே:

"அண்ணா, ஒன்பது வருஷத்துல உங்ககிட்ட நான் இப்படிப் பேசினதில்ல. கம்பெனிக்கு முன்பணம் கட்டினாத்தான் எனக்கு லோடு வருது. உங்ககிட்ட தவணை தாண்டினது ஒரு லட்சத்து ரெண்டாயிரம். வர்ற லோடு வழக்கம்போல வரும். அடுத்த லோடுல இருந்து கடனுக்குப் போட முடியாதுங்கண்ணா. பட்டுவாடா முடிஞ்ச மறுநாள் 52 கொடுங்க, அன்னைக்கே பத்து மூட்டை ரொக்கத்துக்கு இறக்கறேன். மீதியை வாரம் பத்தாயிரமா கழிச்சுக்கலாம்."

இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அமைதி சங்கடமாக இருக்கும், அதை நிரப்பப் போய் "பரவாயில்ல, முடிஞ்சதைக் கொடுங்க" என்று சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. அந்தக் கடைசிக் கடன் லோடு ஏன் என்று மகன் கேட்பான். அந்த வாரத்துக்குச் சொல்லி வைத்தவர்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டுமே. 35,000 ரூபாய் கூடுதல் ஆபத்துதான். அவ்வளவு தாங்காது என்றால் அந்த லோடையும் பத்து மூட்டையாக்குங்கள். எப்படியும் அந்த லோடின் பில்லை 70,000 ரூபாயோடு தனியாக எழுதி வையுங்கள், வாரம் வரும் பத்தாயிரத்தில் கலக்க வேண்டாம்.

வீடு திரும்பியதும் ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள்: "அண்ணா, இன்னைக்குப் பேசினபடி: தவணை தாண்டியது 1,02,000. பட்டுவாடா மறுநாள் 52,000. பிறகு வாரம் 10,000, ஐந்து வாரம். சரக்கு வாரம் 10 மூட்டை ரொக்கத்துக்கு. நனைஞ்சது, ஸ்கீம் 14,000 கழிச்சாச்சு." கழித்ததையும் எழுதுவதால் மிரட்டல் மாதிரி இருக்காது. வட்டி, வக்கீல், போலீஸ் என்ற வார்த்தைகள் இதில் வேண்டாம்.

உங்கள் மகன் 45 நாள் சட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சிறு தொழில்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டம் தாமதப் பணத்துக்கு வட்டி வாங்கித் தருவது உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். நீங்கள் வாங்கி விற்பவர். 2021-ல் வியாபாரிகளையும் உதயம் பதிவில் சேர்த்தார்கள், ஆனால் முன்னுரிமை வங்கிக் கடனுக்கு மட்டும். அதைக் காட்டி அவரிடம் பேசினால் உங்கள் வார்த்தைதான் வீணாகும்.

சொன்ன தேதியில் 52,000 வரவில்லை என்றால்? முப்பதாயிரத்தோடு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ரசீது கொடுங்கள், மீதி 22 வந்ததும் வண்டி வரும் என்று சொல்லுங்கள். "பாதி லோடாவது இறக்கு" என்பார். இறக்கினால் அடுத்த முறை நீங்கள் சொல்லும் எந்தத் தேதியும் தேதியாக இருக்காது. ஒன்றுமே தராமல் கடையில் வேறு கம்பெனி மூட்டை அடுக்கியிருந்தால், உங்களுக்குத் தராத ரொக்கம் அங்கே போகிறது என்று அர்த்தம். அப்போதும் கடைவாசலில் சண்டை வேண்டாம். வாரத் திட்டத்தை விட்டுவிட்டு மாதம் இவ்வளவு என்று பாக்கியை மட்டும் எழுதி வாங்குங்கள். ரொக்கத்துக்குச் சரக்கு எப்போதும் உண்டு என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள். பக்கத்துக் கடைக்காரர் விசாரித்தால் "கணக்கு பார்த்துட்டிருக்கோம்" என்பதோடு நிறுத்துங்கள். நம்ம பக்கம் இந்த மாதிரிப் பேச்சு வண்டிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

இதை மகன் போய்ச் சொல்லக்கூடாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். மகன் கூட வரட்டும், பில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும். ஓட்டுநருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: அந்தக் கடையில் ரசீது இல்லாமல் பணம் வாங்கக்கூடாது, பணம் இல்லாமல் மூட்டை இறக்கக்கூடாது, எதைக் கேட்டாலும் "முதலாளிகிட்ட பேசுங்கண்ணா" என்று போனைப் போட்டுக் கொடுக்க வேண்டும்.