ஆடுவது கிளாக்கா, கிரவுண்ட் வயரா?

கேள்வி: மைக்ரோகண்ட்ரோலரின் 8 மெகாஹெர்ட்ஸ் கிளாக் வெளியீட்டை 200 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலோஸ்கோப்பில் பார்க்கிறேன். 3.3 வோல்ட்டில் நிற்க வேண்டிய அலை, ஒவ்வொரு ஏற்றத்திலும் 4.6 வோல்ட் வரை பாய்ந்து, சுமார் 8 நானோவினாடிக்கு ஒருமுறை ஆடி அடங்குகிறது. புரோபின் சுவிட்சை 1X-க்குத் தள்ளினால் ஆட்டம் போய்விடுகிறது. ஆனால் சதுர அலை உருண்டுபோய் உயரமும் குறைகிறது. இரண்டில் எதை நம்புவது? சிப்புக்கு ஆபத்து உண்டா?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். 10X நிலையில் நீங்கள் காணும் ஆட்டத்தின் பெரும்பகுதி, புரோபோடு வந்த நீளமான கிரவுண்ட் வயரில் பிறப்பதாகவே தெரிகிறது. 1X நிலையில் அது மறைவது அளவீடு சரியாகிவிட்டதால் அல்ல. புரோப் வேகமான எதையும் கடத்த முடியாத நிலைக்குப் போய்விட்டதால்தான். ஆகவே 4.6 வோல்ட் என்ற எண்ணைக் கொண்டு சிப்பின் நலத்தை முடிவு செய்ய வேண்டாம்.

முதலில் சுவிட்சைப் பார்ப்போம். 1X நிலையில் புரோபின் முனை கேபிள் வழியாக நேரே ஆஸிலோஸ்கோப்பின் உள்ளீட்டுக்குப் போகிறது. அப்போது கேபிளின் மின்தேக்குதிறனும் கருவியின் உள்ளீட்டு மின்தேக்குதிறனும் சேர்ந்து ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் உங்கள் சுற்றின் மேல் சுமையாக ஏறுகிறது. அந்தக் கேபிளும் சாதாரணக் கோ-ஆக்ஸ் அல்ல. உள்ளே எதிரொலிக்கும் அலைகளை அடக்குவதற்காக, அதன் நடுக்கம்பி வேண்டுமென்றே மின்தடை கொண்ட மெல்லிய இழையால் செய்யப்பட்டிருக்கும். சுவிட்சை 1X-இல் வைத்து, புரோபைக் கருவியிலிருந்து கழற்றி, முனைக்கும் மறுமுனை இணைப்பியின் நடு ஊசிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் சில நூறு ஓம் காட்டும். கேபிள் கெட்டுவிட்டது என்று எண்ணிச் சாதாரணக் கேபிளை மாற்றிப் பொருத்துவது தவறு. இந்தத் தடையும் அந்தச் சுமையும் சேர்ந்து, பெரும்பாலான புரோப்களின் 1X அலைவரிசை அகலத்தை 6 முதல் 10 மெகாஹெர்ட்ஸுக்குள் அடக்கிவிடுகின்றன. உங்கள் கிளாக்கின் அடிப்படை அதிர்வெண்ணே 8 மெகாஹெர்ட்ஸ். அலையைச் சதுரமாக்கும் 24, 40 மெகாஹெர்ட்ஸ் கூறுகள் அதில் பிழைப்பதில்லை. எஞ்சுவது உயரம் குறைந்த, சைன் அலை போன்ற ஓர் உருவம்.

10X நிலையில் முனையருகே 9 மெகாஓம் மின்தடையும் அதற்கு இணையாக ஒரு சிறிய மின்தேக்கியும் வழியில் சேருகின்றன. சைகை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அதற்கு ஈடாக, உங்கள் சுற்று சுமக்க வேண்டிய மின்தேக்குதிறன் 10 முதல் 15 பிக்கோஃபாரட்டாக இறங்குகிறது. கிளாக்கைப் பார்ப்பதற்கு இந்த நிலைதான் சரி. ஆனால் கிரவுண்ட் வயரின் குறையை இந்தச் சுவிட்ச் தீர்க்காது. உண்மையில் 10X-இல்தான் அது கண்ணுக்குத் தெரிய வருகிறது.

கிரவுண்ட் வயர் என்பதை 0 வோல்ட்டைக் கொண்டுவரும் ஒரு கம்பி என்று மட்டும் நினைத்துப் பழகிவிட்டோம். முனையில் இருக்கும் மின்தேக்குதிறனை நிரப்பப் போகும் மின்னோட்டம் முழுவதும் திரும்பி வர வேண்டிய பாதையும் அதுவே. உங்கள் புரோப் 12 பிக்கோஃபாரட் என்றும், கிளாக் 2 நானோவினாடியில் 3.3 வோல்ட் ஏறுகிறது என்றும் கொள்வோம். அந்த ஏற்றத்தின்போது புரோபுக்குள் போகும் மின்னோட்டம் ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர். நேராகக் கிடக்கும் கம்பிக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்றி மின்தூண்டல் என்று வைத்துக்கொண்டால், 15 சென்டிமீட்டர் வயருக்கு 150 நானோஹென்றி. அதன் வழியே 20 மில்லி ஆம்பியர் ஒரே நானோவினாடியில் எழ முயன்றால், வயரின் இரு முனைகளுக்கு இடையே 3 வோல்ட் தோன்ற வேண்டும். நடைமுறையில் அந்த வோல்ட்டேஜே மின்னோட்டத்தின் வேகத்தை மட்டுப்படுத்தும். ஆயினும் புரோபின் கிரவுண்டும் பலகையின் கிரவுண்டும் அந்தக் கணத்தில் ஒன்றல்ல என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெளிவாகிறது. ஆஸிலோஸ்கோப் அந்த வித்தியாசத்தையும் சைகையாகவே வரைகிறது.

இந்த மின்தூண்டலும் முனையின் மின்தேக்குதிறனும் சேர்ந்து ஓர் ஒத்திசைவுச் சுற்றாகின்றன. அது ஆடும் அதிர்வெண்:

```
f = 1 / (2π√(LC))
L = 150 nH, C = 12 pF  →  f ≈ 119 MHz
```

119 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஓர் ஆட்டத்துக்கு 8.4 நானோவினாடி. நீங்கள் எழுதியிருக்கும் 8 நானோவினாடியோடு இது ஒட்டிப்போவதால்தான் என் சந்தேகம் முதலில் வயரின் மேல் விழுந்தது. 2 நானோவினாடி ஏற்றத்தில் 175 மெகாஹெர்ட்ஸ் வரை குறிப்பிடத்தக்க ஆற்றல் உண்டு. எனவே 119 மெகாஹெர்ட்ஸில் ஆடக் காத்திருக்கும் சுற்றை உங்கள் கிளாக் ஒவ்வொரு விளிம்பிலும் தட்டி எழுப்புகிறது. கிளாக் வெளியீட்டின் உள்தடை சில பத்து ஓம்தான் என்பதால் அந்த ஆட்டத்தை அடக்கவும் எதுவும் இல்லை. அதே புரோபை உள்தடை மிகுந்த ஒரு புள்ளியில் வைத்தால் ஆட்டம் தெரியாமல் போகும். அதனால்தான் இந்தக் குறை சில இடங்களில் மட்டும் தலைகாட்டி நம்மைக் குழப்புகிறது.

சரிபார்ப்பது எளிது. புரோப் முனையை அசைக்காமல், கிரவுண்ட் வயரை மட்டும் புரோபின் உடலைச் சுற்றி நெருக்கமாகச் சுற்றி, அதே இடத்தில் கிளிப்பைப் போடுங்கள். வயரும் முனையும் சூழும் பரப்பு சுருங்குவதால் மின்தூண்டல் குறையும். ஆட்டம் சிறுத்து, வேகமாகவும் ஆகும். பலகையில் எதையும் தொடாதபோது ஆட்டத்தின் காலம் மாறினால், அந்த ஆட்டம் பலகையினுடையது அல்ல. அடுத்து, முனையை அதன் சொந்தக் கிளிப் பிடித்திருக்கும் அதே கிரவுண்ட் புள்ளியில் வைத்துப் பாருங்கள். நேர்கோடு வர வேண்டிய அந்த நிலையிலும் கிளாக்கின் விளிம்புகளில் முட்கள் தெரிந்தால், வயரின் வளையம் ஆன்டெனா போலக் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது என்று பொருள்.

சரியான அளவீட்டுக்கு, கொக்கித் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். உள்ளே ஊசி முனையும், அதற்குச் சற்றுப் பின்னால் ஓர் உலோக வளையமும் தெரியும். அந்த வளையந்தான் கிரவுண்ட். பல புரோப்களின் உறையிலேயே சிறிய ஸ்பிரிங் ஒன்று கொடுக்கப்பட்டிருக்கும். பலரும் அதைப் பிரிப்பதே இல்லை. அதை வளையத்தில் செருகி, அதன் காலை கிளாக் பின்னுக்கு மிக அருகே உள்ள கிரவுண்டில் ஊன்ற வேண்டும். ஸ்பிரிங் இல்லையென்றால் காப்பில்லாத செம்புக் கம்பியை வளையத்தில் இறுக்கமாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு சென்டிமீட்டர் கால் விட்டால் போதும். கை நழுவினால் அந்தக் கால் பக்கத்துப் பின்னைக் கிரவுண்டோடு சேர்த்துவிடும் என்பதால், மின்சாரத்தை நிறுத்தி இடம் பார்த்து ஊன்றியபின் மீண்டும் கொடுப்பது நல்லது. பாதை 15 நானோஹென்றியாகச் சுருங்கினால் ஒத்திசைவு 375 மெகாஹெர்ட்ஸ் அருகே போய்விடும். உங்கள் கிளாக்கின் விளிம்பு அங்கே தட்டி எழுப்புவது மிகக் குறைவு, உங்கள் கருவியும் அவ்வளவு உயரத்தில் வலுவாகக் காட்டாது.

புரோபில் இருக்கும் திருகைத் திருப்பி இந்த ஆட்டத்தைச் சரிசெய்ய முயல வேண்டாம். அது 1 கிலோஹெர்ட்ஸ் சோதனை அலையின் தலை தட்டையாக இருக்கும்படி அமைப்பதற்கானது. அதன் பிழை மைக்ரோவினாடிகள் நீளும் சரிவாகத் தெரியும், நானோவினாடி ஆட்டமாக அல்ல.

ஸ்பிரிங் வைத்த பிறகும் ஆட்டம் அப்படியே நின்றால், அதன் காலமும் மாறாமல் இருந்தால், அப்போது அது பலகையில் உள்ளது. கிளாக் பாதை நீளமாக இருந்து எதிரொலிப்பதாக இருக்கலாம். வெளியீட்டுப் பின்னுக்கு ஒட்டியே 22 அல்லது 33 ஓம் தொடர் மின்தடை வைத்து, அதே ஸ்பிரிங்கோடு, பெறும் சிப்பின் பின்னருகே மீண்டும் அளந்து பாருங்கள்.