ஸ்டாக் எண்ணும்போது ஆடிட்டர் இல்லையென்றால் எந்தக் கருத்து?

"மார்ச் 31-க்குப் பிறகுதான் நியமனம், ஸ்டாக் எண்ணியதைப் பார்க்கவில்லை. ஸ்டாக் 40 லட்சம், மொத்தச் சொத்து 2 கோடி. அட்வர்ஸா, டிஸ்கிளெய்மரா?"

இரண்டும் இல்லை. மாற்றுச் சோதனையும் கைகொடுக்காவிட்டால் குவாலிஃபைட், அதாவது ஸ்டாக் விஷயம் தவிர மற்றவை சரி என்ற கருத்து.

நீங்கள் குழம்பியது இங்கேதான் என்று நினைக்கிறேன்: கணக்கு தவறு என்று ஆதாரத்தோடு தெரிந்து, அது நிதி அறிக்கை முழுவதையும் கெடுத்தால்தான் அட்வர்ஸ். உங்களிடம் இருப்பது தவறு அல்ல, ஆதாரம் இல்லாத நிலை. அதுவும் ஸ்டாக், அதனால் வரும் லாபம் என்ற அளவோடு நிற்கிறது, எனவே கருத்தே சொல்ல மறுக்கும் டிஸ்கிளெய்மரும் வேண்டாம்.

முதலில் மாற்றுச் சோதனையாகப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பாருங்கள். ஜூன் 10 அன்று நேரில் எண்ணி 35 லட்சம் வருகிறது என்று வைப்போம். ஏப்ரல் 1 முதல் வாங்கியது 20 லட்சத்தைக் கழியுங்கள், விற்ற சரக்கின் அடக்கவிலை 24 லட்சத்தைக் கூட்டுங்கள். 39 லட்சம். புத்தகத்தோடு ஒரு லட்சம் வித்தியாசம். அதற்குச் சரியான காரணம் பில்லில் கிடைத்தால் மாற்றமில்லாத கருத்தே தரலாம். விற்பனை விலையைக் கூட்டிவிடாதீர்கள், பலரும் சறுக்குவது அதில்தான்.

ஆனால் ஸ்டாக்கே 1.7 கோடி, சரக்கு வரவு-செலவுப் பதிவும் சரியில்லை என்றால் கதை வேறு. அப்போது டிஸ்கிளெய்மர்தான். அதே 1.7 கோடியில் பாதி சரக்கு இல்லவே இல்லை என்று நிரூபணமாகி, நிர்வாகம் திருத்த மறுத்தால் அட்வர்ஸ்.