பானை பிரித்தும் ஸ்பெயினும் ஜேர்மனியும் ஒரே குழுவில் வந்தது எப்படி?

"2022 உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தில் ஸ்பெயினும் ஜேர்மனியும் ஒரே குழுவில் விழுந்ததே, குலுக்கலில் கள்ளமா? கிளிநொச்சியில் நாங்கள் 16 கழகங்களை வைத்துச் சுற்றுப்போட்டி நடத்தப் போகிறோம். அதே மாதிரிப் பானை பிரித்தால் சரிவருமா?"

கள்ளம் இல்லை. ஒரே பானையில் இருக்கும் அணிகள் குழுநிலையில் மோதாது. பானை தருகிற உத்தரவாதம் அவ்வளவுதான். 32 அணிகளைத் தரவரிசைப்படி எட்டெட்டாக நான்கு பானைகளில் போட்டு, பானைக்கு ஒன்றாக எடுத்துக் குழு அமைத்தார்கள். ஸ்பெயின் உலகத் தரவரிசையில் 7ஆவது, அதனால் முதல் பானை. ஜேர்மனி 12ஆவது, அதனால் இரண்டாவது பானை. ஒரு குழுவில் ஐரோப்பிய அணிகள் இரண்டு வரலாம் என்பது விதி. ஆகவே இரண்டும் சேரத் தடையே இல்லை. மூன்றாவது பானையிலிருந்து வந்த ஜப்பான் இருவரையும் 2-1 என்று வென்று குழுவில் முதலிடம் பிடித்தது. ஜேர்மனி வீட்டுக்குப் போனது.

போட்டியை நடத்துகிற நாட்டுக்கு முதல் பானையில் இடம். 51ஆவதாக இருந்த கட்டார் அப்படித்தான் அங்கே உட்கார்ந்தது. இதைக்கூட விட்டுவிடலாம். எனக்கு எரிச்சல் நான்காவது பானையில்தான். குலுக்கல் ஏப்ரல் 1இல், கடைசி மூன்று இடங்களுக்கான தகுதிப் போட்டிகள் முடிந்ததோ ஜூனில். யார் வருவார் என்று தெரியாததால் அந்த மூன்று இடங்களையும் அப்படியே நான்காவது பானையில் போட்டார்கள். வேல்ஸ் 18ஆவது அணி. 20ஆவதாக இருந்த செனகல் மூன்றாவது பானையில், அதைவிட மேலே நின்ற வேல்ஸ் நான்காவதில்! பீஃபாவுக்குத் தொலைக்காட்சி விழாத் திகதி முக்கியம், என்ன செய்வது.

உங்களுக்கும் ஆபத்து அந்தக் கடைசிப் பானைதான். நான்கு பானை, பானைக்கு நான்கு கழகம், ஒவ்வொன்றிலும் ஒன்றாக எடுத்தால் நான்கு குழு. அதில் சிக்கல் இல்லை. ஆனால் வன்னிக்குள் சுற்றுப்போட்டி என்றால் அணி கூட்டி வருகிற தரகர்மார் இருக்கிறார்கள். வெளி மாவட்டத்து ஆட்டக்காரர்களைக் காசுக்குப் பிடித்து, புதுக் கழகப் பெயரில் பதிந்து, "புது அணி அண்ணை, கடைசிப் பானையில போடுங்கோ" என்பார்கள். போட்டீர்களென்றால் ஒரு குழுவில் இரண்டு பலமான அணிகள், பக்கத்துக் குழுவில் ஒன்று. சீட்டு எடுத்த பையன்தான் பிறகு திட்டு வாங்குவான்.

அதனால் வீரர் பட்டியலைக் குலுக்கலுக்கு முன்னரே வாங்கிப் பூட்டிவிடுங்கள். கழகத்தின் பெயரைப் பார்க்காமல், அந்த வீரர்கள் கடந்த இரண்டு பருவங்களில் எந்தக் கழகங்களுக்கு ஆடினார்கள், அவை எதுவரை போயின என்று பார்த்துப் பானையைத் தீர்மானியுங்கள். பட்டியல் தராத அணியின் சீட்டைப் பானையில் போடவே வேண்டாம். அப்புறம், உங்கள் சொந்தக் கழகத்தை முதல் பானையில் போடுகிற எண்ணம் இருந்தால், அதை நுழைவுக் கட்டணம் வாங்கும்போதே மற்றக் கழகங்களுக்குச் சொல்லிவிடுங்கள்.